மார்மேல் உறங்கும் குழந்தையும் அதன் மூச்சுவழியும்

2021ஆம் ஆண்டு மே மாதம் ஓர் ஆய்வின் முடிவு வெளிவந்தது. உலக சுகாதார நிறுவனம் முன்னின்று நடத்திய ஆய்வு அது. கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா, இந்தியா ஆகிய ஐந்து நாடுகளில் தலா ஒரு பெரிய மருத்துவமனை அதில் பங்கேற்றது. இந்தியாவின் சார்பில் இருந்தது டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் எடை கொண்ட குழந்தைகளை, பிறந்த உடனேயே தாயின் மார்பில் தோலோடு தோலாகக் கட்டிவைத்தார்கள். நாளொன்றுக்குச் சராசரியாக 17 மணி நேரம் குழந்தை அங்கேயே இருந்தது, அங்கேயே உறங்கியது. உடல்நிலை சீரான பிறகே மார்பில் வைக்கும் பழைய முறையில் 28 நாட்களுக்குள் 100 குழந்தைகளில் ஏறக்குறைய 16 பேர் இறந்தார்கள். புதிய முறையில் 12 பேர். பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்தபின் மற்றக் குழந்தைகளுக்கு அதை மறுப்பது நியாயமில்லை என்று ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

இதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன் ஸ்வீடனிலிருந்து வேறொரு செய்தி வந்திருந்தது. ஸ்டாக்ஹோமின் ஐந்து பிரசவ மனைகளில் முப்பது மாதங்களில் பிறந்த 68,364 குழந்தைகளின் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். மாதம் நிறைந்து, நல்ல எடையோடு, நன்றாக அழுது பிறந்தவர்களில் 26 பேர் முதல் நாளுக்குள் திடீரென்று மூச்சடங்கித் துவண்டுபோயிருந்தார்கள். அவர்களில் 15 பேர் அந்த நேரத்தில் தாயின் மார்பில் தோலோடு தோலாகக் குப்புறக் கிடந்தவர்கள். 13 பேருக்கு அது நடந்தது பிறந்த முதல் இரண்டு மணி நேரத்தில், யாரும் கவனிக்காத தாய்ப்பாலூட்டலின்போது. மூன்று தாய்மார் அந்த நேரத்தில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டும் ஒரே மார்பு, ஒரே தோல். ஒரு பக்கம் எடை குறைந்த, பலவீனமான குழந்தைகள் பிழைத்தார்கள். இன்னொரு பக்கம் ஆரோக்கியமான குழந்தைகள் மூச்சிழந்தார்கள். முதல் செய்தியை மட்டும் கேட்டவர்கள் குழந்தையை மார்மேல் போட்டுக்கொண்டு தாமும் கண்ணயர்கிறார்கள். இரண்டாவதை மட்டும் கேட்டவர்கள் பயந்து குழந்தையைத் தொட்டிலுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ள, பச்சைக் குழந்தையின் மூச்சு எந்த வழியாகப் போகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பிறந்த குழந்தையின் மூச்சுக்குழலின் உள்விட்டம் நான்கைந்து மில்லிமீட்டர்தான். அதைத் தாங்கும் குருத்தெலும்பு வளையங்கள் இன்னும் இறுகாதவை. குழல் குறுகக் குறுகக் காற்றுக்கு ஏற்படும் தடை நேர்விகிதத்தில் கூடுவதில்லை; ஆரம் பாதியானால் தடை பதினாறு மடங்காகிறது. பெரியவர் ஒருவருக்குச் சளி கட்டியது போன்ற தொந்தரவாக முடிவது, குழந்தைக்கு உயிர்ப் பிரச்சினை ஆவது இதனால்தான். மேலும், அந்த வயதில் குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். நாக்கு வாயை நிறைத்திருக்கும். மூக்கு அடைபட்டால் வாயைத் திறந்து சமாளிக்கலாம் என்ற வழக்கம் அதற்கு இன்னும் சரிவரப் பழகவில்லை.

இதோடு கழுத்து. உடலோடு ஒப்பிட்டால் குழந்தையின் தலை மிகப் பெரியது. கழுத்துத் தசைகளோ தளர்ந்தவை. உட்கார்ந்த நிலையில் பிடித்தால் தலை முன்னால் சரிந்து, முகவாய் நெஞ்சில் முட்டும். அப்போது தொண்டைக்குப் பின்னால் காற்று போகும் இடம், மடங்கிய ரப்பர் குழாயைப் போல ஒடுங்கிவிடும். வெளியிலிருந்து யாரும் எதையும் அழுத்தியிருக்க மாட்டார்கள், சத்தமும் வராது. அடைபட்ட மூச்சுக்காகக் குழந்தை திமிறும் என்று நாம் எதிர்பார்ப்போம். ஆனால் பிறந்த குழந்தையின் உறக்கத்தில் ஏறக்குறைய பாதி, கண்கள் இமைக்குள் உருளும் கனவு உறக்கம். அந்த நிலையில் தசைகள் இன்னும் தளர்கின்றன. தொண்டையை விரித்துப் பிடிக்கும் சிறு தசைகளும் அதில் அடக்கம். களைத்த குழந்தை சில நொடிகள் முயன்றுவிட்டு, அழாமலே அடங்கிப்போகலாம். பக்கத்தில் இருப்பவருக்கு அது நல்ல தூக்கமாகவே தெரியும்.

இந்த இரண்டு வழிகளைத்தான் நினைவில் கொள்ள வேண்டும்: மூக்கும் வாயும் தாயின் சதையிலோ துணியிலோ புதைவது ஒன்று, கழுத்து மடிந்து உள்ளே வழி ஒடுங்குவது இன்னொன்று. மார்மேல் உறங்கும் குழந்தைக்கு நேரும் ஆபத்துகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் அடங்கும். இரண்டையுமே கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்துவிட முடியும், பார்க்க ஒருவர் விழித்திருந்தால்.

சஃப்தர்ஜங்கில் நடந்ததை இப்போது திரும்பிப் பாருங்கள். அங்கே மருத்துவர்கள் ஹரிஷ் செல்லானி, சுகந்தா ஆர்யா ஆகியோரின் குழு, பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்மாருக்குப் படுக்கைகள் போட்டது. குழந்தையை வெறுமனே மார்மேல் வைத்துவிடவில்லை. துணியால் இறுக்கமாகச் சேர்த்துக் கட்டினார்கள். தலை ஒரு பக்கம் திரும்பி, கழுத்து லேசாக நிமிர்ந்து, முகம் வெளியே தெரியும்படி கட்டுவது, கங்காரு பராமரிப்பு என்று அழைக்கப்படும் இந்தப் பராமரிப்பின் முறை. கட்டின் மேல் விளிம்பு காதுக்குச் சற்றுக் கீழே நிற்கும். குழந்தை நழுவவும் முடியாது, தலை புரளவும் முடியாது. தாய் தட்டையாகப் படுப்பதில்லை; படுக்கை கிடைமட்டத்திலிருந்து சுமார் 15 பாகையேனும் சாய்ந்திருக்கும். குறைப்பிரசவக் குழந்தைகளுக்கு வரும் மூச்சு நிற்றலை இந்தச் சாய்வு குறைப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2003ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. சுற்றிலும் செவிலியர்கள் இரவும் பகலும் இருக்கிறார்கள்.

ஸ்டாக்ஹோமில் இவற்றில் எதுவும் இல்லை. நல்ல எடையில் பிறந்த குழந்தைக்குக் கட்டு எதற்கு, கண்காணிப்பு எதற்கு என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். தாய் அசைந்திருப்பாள், குழந்தை சரிந்திருக்கும், யாரும் பார்க்கவில்லை. மார்பு இரண்டு ஊர்களிலும் ஒன்றுதான். வேறுபட்டவை கட்டு, சாய்வு, விழிப்பு ஆகிய மூன்றும்.

சென்னைக்கு வருவோம். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரத்துக் குடும்பங்களில் பலவற்றில் ஏதோ ஒரு தலைமுறை திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலோ, மயிலாப்பூர் இசபெல் மருத்துவமனையிலோ, ராதாகிருஷ்ணன் சாலை கல்யாணி மருத்துவமனையிலோ, எழும்பூரிலோ பிறந்திருக்கும். இன்றைய பிரசவங்களில் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் ஏறக்குறைய 45 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் அது 64 சதவீதத்தை நெருங்கியது. இது மார்மேல் உறக்கத்தோடு நேரடியாகத் தொடர்புடைய செய்தி. அறுவைசிகிச்சை முடிந்த தாயால் உடனே திரும்பிப் படுக்க முடியாது. கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும். வலி ஊசியும் வாந்தி ஊசியும் கண்ணை இழுக்கும். அவள் விழித்திருப்பதாக நமக்குத் தோன்றும் நேரத்தில்கூட அவளுடைய கவனம் பாதியாகவே இருக்கும்.

ஓர் உதாரணத்தை மணிக்கணக்கில் பின்தொடர்வோம். அடையாறில் வசிக்கும் ஒரு தம்பதி என்று வைத்துக்கொள்வோம். முதல் குழந்தை, 39 வாரம், காலை ஆறு மணிக்கு, முதுகில் ஊசி போட்டுச் சிசேரியன். குழந்தை 2.9 கிலோ, உடனே அழுதது. துடைத்து, தொப்பி போட்டு, தாயின் மார்பில் குறுக்காகச் சில நிமிடங்கள் வைத்தார்கள். பிறகு தையல் போடும் நேரம். தாய்க்கு நடுக்கம் எடுக்கிறது. இங்கேதான் அப்பா வருகிறார். ஆண்களின் மார்பு இந்த வேலைக்கு ஆகாது என்று எண்ணுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை. சட்டையைத் திறந்து சாய்ந்து உட்காரும் அப்பாவின் மார்பும் குழந்தைக்குச் சூடு தரும்; அங்கே குழந்தை அமைதியாகும்.

பிறந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரம் குழந்தை வியக்கத்தக்க விழிப்போடு இருக்கும். பிரசவத்தின் அழுத்தத்தில் சுரந்த அட்ரினலின் வகை ஹார்மோன்கள் அதன் உடலில் நிறைந்திருப்பதே காரணம். கண்ணை அகல விரித்துப் பார்க்கும், மார்பை நோக்கி ஊர்ந்து வாயைத் திறக்கும். அதன்பின் அந்த வேகம் வடிந்து, ஆழ்ந்த உறக்கத்தில் விழும். விழிப்பிலிருந்து உறக்கத்துக்கு மாறும் இந்த இடைவெளியைத்தான் நான் அதிகம் கவனிக்கச் சொல்வேன். கருவறையின் திரவத்திலிருந்து காற்றுக்கு மாறிய உடல் இன்னும் நிலைப்படவில்லை. ஊர்ந்து வந்த குழந்தை மூக்கு புதைந்த நிலையிலேயே அசந்துவிடலாம். அதனால்தான் முதல் இரண்டு மணி நேரம் கால் மணிக்கு ஒருமுறை செவிலியர் வந்து குழந்தையின் மூச்சு, நிறம், அசைவு, தலை இருக்கும் நிலை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்று குழந்தை மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள். தெர்மாமீட்டரோடு வந்து போவது மட்டும் போதாது. முகத்தைக் குனிந்து பார்க்க வேண்டும்.

நம் உதாரணத்தின் அப்பா குழந்தையை எப்படி வைத்துக்கொள்கிறார் என்பதை உற்றுப் பார்ப்போம். அவர் முழுக்கப் படுக்கவில்லை. முதுகைத் தலையணையில் சாய்த்து அரைகுறையாக அமர்ந்திருக்கிறார். குழந்தை அவர் நெஞ்சின் நடுவில், நெஞ்சோடு நெஞ்சாக நிமிர்ந்து கிடக்கிறது. தோள்கள் அவரை நோக்கித் தட்டையாகப் படிந்திருக்கின்றன. தலை ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது. கன்னம் நெஞ்சில், மூக்கும் வாயும் வெளியே. முகவாய்க்கும் குழந்தையின் நெஞ்சுக்கும் இடையே அவருடைய இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருக்கிறது. பூவை முகர்வதற்குத் தலையைச் சற்று நீட்டுவோமே, அந்த அளவு நிமிர்வு போதும். பின்னால் ஒரேயடியாக மடித்தாலும் வழி ஒடுங்கும். கால்கள் தவளையைப் போல மடங்கி அவர் வயிற்றில் விரிந்திருக்கின்றன. முதுகின்மேல் மெல்லிய துணி இருக்கிறது. ஆனால் அது தோள் வரைக்கும்தான், முகத்தருகே வரவில்லை. குனிந்தால் அவரால் குழந்தையின் உச்சியில் முத்தமிட முடிகிறது. அந்த உயரத்தில் இருந்தால்தான் முகத்தைக் கண்ணால் பார்க்கவும் முடியும்.

துணி விஷயத்தில் சென்னைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. மே மாதத்து வீட்டில் சீலிங் ஃபேனுக்குக் கீழே குழந்தைக்குக் குளிர் எடுக்கும் என்று இரண்டு மூன்று துணிகளைச் சுற்றுவார்கள். மருத்துவமனையில் ஏ.சி. ஓடும் அறையில் அதையே கம்பளியாக மாற்றுவார்கள். பெற்றோரின் மார்பே குழந்தைக்குப் போதுமான சூடு தரும். அதன்மேல் அதிகம் சுற்றினால் குழந்தைக்குச் சூடேறும். சூடேறிய குழந்தை ஆழமாக உறங்கும், எழுப்பினாலும் எளிதில் விழிக்காது. பழைய மென்மையான வேட்டித் துணி ஒன்று, அதுவும் முதுகை மட்டும் மூடும்படி, நம் ஊர்க் கோடைக்குப் போதும்.

இப்போது இரவு. முதல் நாள் இரவைவிட இரண்டாம் நாள் இரவே குடும்பங்களைத் திணறடிக்கிறது. முதல் நாளெல்லாம் உறங்கிய குழந்தை இரண்டாம் இரவில் அரைமணிக்கு ஒருமுறை மார்புக்கு அழும். சீம்பால் கொஞ்சமே வருவதால் அது இயல்பான நடத்தை. ஆனால் தாய்க்கு அது தெரியாது. பால் பற்றவில்லை என்று பதறுவாள். கீழே கிடத்தினால் அழுகை, மார்மேல் வைத்தால் அமைதி. மணி மூன்று. அவள் இரண்டு நாளாகச் சரியாக உறங்கவில்லை. குழந்தையை மார்மேல் வைத்தபடி, ஒரு கையைத் தையல்மேல் வைத்தபடி, கண் மூடுகிறது. அந்த நொடியில் அவள் கைகள் தளர்கின்றன. குழந்தையின் தலை மார்பின் பக்கவாட்டில் சரிந்து, கைமடிப்பின் இடுக்கில் மூக்கோடு புதைகிறது. அல்லது கட்டிலின் ஓரத்தில் குழந்தை மெல்ல நழுவிக் கீழே விழுகிறது.

இந்த மூன்று மணிக்கு அவளுடைய மனஉறுதியை நம்பிப் பயனில்லை. பகலிலேயே ஒருவர் ஏற்பாடு செய்திருக்க வேண்டும். அந்த ஏற்பாடு எளிமையானது. இரவு பத்து மணிக்கு அறையில் இருக்கும் இருவர் முறை வைத்துக்கொள்கிறார்கள்: தாயின் அம்மா ஒரு மணி வரை, அப்பா ஒன்றிலிருந்து ஐந்து வரை. முறையில் இருப்பவர் உறங்கலாகாது. தாய் பால் கொடுக்கும்போது அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து குழந்தையின் முகத்தைப் பார்க்கிறார். தாயின் பேச்சு குழறினால், தலை தொங்கினால், "நீ தூங்கும்மா, நான் வச்சுக்கறேன்" என்று குழந்தையை எடுத்துவிடுகிறார். குழந்தை உறங்கட்டும், அது அவர் மார்பிலும் உறங்கலாம், பக்கத்திலுள்ள தொட்டிலில் மல்லாக்கவும் உறங்கலாம். அவருக்குக் கண் சொருகினால், வேறு யோசனையே வேண்டாம், தொட்டில்தான். தட்டையான, இறுகிய மெத்தை, தலையணை இல்லை, குழந்தை மல்லாக்க.

மல்லாக்க என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் எதிர்ப்பது எனக்குத் தெரியும். பால் கக்கினால் மூச்சுக்குழலில் போகாதா என்பது அவர்களுடைய பயம். பொறுப்பிலிருந்து எழும் பயம்தான் அது. ஆனால் மல்லாக்கக் கிடக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருக்கும். கக்கியது மேலேறி மூச்சுக்குழலுக்குள் போக வேண்டும். குப்புறக் கிடக்கும்போதுதான் அது கீழிறங்கிச் சேரும் இடத்தில் மூச்சுக்குழல் இருக்கிறது. மார்மேல் குப்புற இருப்பது விழித்த ஒருவரின் பார்வையில் மட்டும் சரி. மெத்தைமேல் குப்புற எப்போதும் தவறு.

ஒரு தனியார் அறையில் இரண்டு பேர் உதவிக்கு இருப்பது எளிது. அரசு மருத்துவமனைகளின் பொது வார்டுகளில் ஒரே குறுகிய கட்டிலில் தாயும் குழந்தையும் படுக்க வேண்டியிருக்கும். பல இடங்களில் உதவிக்கு ஒரே ஒரு பெண்ணை மட்டும்தான் உள்ளே விடுவார்கள். அங்கே பக்கத்துக் கட்டில்காரர்களின் துணையே பெரிய பாதுகாப்பு. தாய் உறங்கும் முன் "என் குழந்தையையும் கொஞ்சம் பாத்துக்கங்க அக்கா" என்று சொல்வது நம் பெண்களுக்கு இயல்பாக வரும். அந்த வார்த்தையைச் செவிலியரிடமும் தயங்காமல் சொல்லலாம். உறக்கம் வருகிறது என்று சொல்லும் தாயைக் கடிந்துகொள்வது ஒரு வார்டில் நடக்கக்கூடாத விஷயம். கடிந்தால் அடுத்த முறை அவள் சொல்லமாட்டாள். குழந்தையோடு அப்படியே உறங்கிவிடுவாள்.

குழந்தையை மார்மேல் வைத்துக்கொண்டு உறங்கக்கூடாது என்ற விதி எடை குறைந்த குழந்தைக்கு அப்படியே பொருந்தாது. மருத்துவர் கங்காரு பராமரிப்பு எழுதித்தந்திருந்தால், சரியாகக் கட்டிக் காட்டிய பிறகு, தாய் கட்டோடு சாய்ந்த நிலையில் உறங்கலாம். அந்தப் பராமரிப்பு அதற்காகவே வகுக்கப்பட்டது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் இந்தக் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் இதைப் பரிந்துரைத்தது. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது மருத்துவர் எட்கர் ரே தொடங்கிய முறை அது. கட்டு சரியா என்று பார்க்க ஒரு வழி: தாய் எழுந்து நின்றால் குழந்தை ஒரு விரற்கடைகூட இறங்கக்கூடாது, அதே நேரம் குழந்தையின் வயிறு மூச்சுக்கு ஏறி இறங்க இடம் இருக்க வேண்டும். நெஞ்சுப் பகுதியில் இறுக்கம், வயிற்றுப் பகுதியில் தளர்வு. கட்டு இல்லாமல் புடவைத் தலைப்புக்குள் செருகி வைத்துக்கொண்டு உறங்குவது கங்காரு பராமரிப்பு ஆகாது.

வீட்டுக்கு வந்தபின் ஆபத்து புதிய இடங்களில் ஒளிந்துகொள்ளும். முதலிடம் சோஃபாவுக்கு. கையை ஊன்ற வசதியாகவும் மெத்தென்றும் இருப்பதால், இரவில் பாலூட்டும் தாய்மார் அங்கே உட்காருவார்கள். உறங்கியதும் குழந்தை பெரியவர் உடலுக்கும் சோஃபாவின் முதுகுக்கும் இடையில் இறங்கிச் சிக்கிவிடும். பெரியவர்களோடு உறங்கும் இடங்களில் குழந்தைகளுக்கு மிகக் கொடியது சோஃபா என்று பல நாட்டு ஆய்வுகள் ஒரே குரலில் சொல்கின்றன. தாத்தா வழக்கமாகச் சாயும் ஈஸி சேரும் அதே வகைதான். அடுத்தது தூளி. புடவைத் தூளியில் குழந்தை வளைந்து கிடக்கும். முதுகு வில்லாக வளைந்தால் தலை முன்னால் மடிந்து, முகவாய் நெஞ்சில் போய் நிற்கும். தலைமுறைகளாக எத்தனையோ குழந்தைகள் தூளியில் நலமாக வளர்ந்திருக்கின்றன என்பது உண்மைதான். ஆனாலும் முதல் சில வாரங்களில், கழுத்தில் பலம் வரும் முன், தூளியை இரவு உறக்கத்துக்குப் பயன்படுத்தாதிருப்பதே நல்லது. பகலில் போட்டாலும் பக்கத்தில் ஆள் வேண்டும், முகவாயின் இடைவெளியை அடிக்கடி பார்க்க வேண்டும்.

என்ன பார்ப்பது என்று தெரிந்தால்தான் விழித்திருப்பதில் பயன். நலமான குழந்தை நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை மூச்சு விடும். ஐந்து, பத்து நொடி மூச்சு நின்று மறுபடி வேகமாக எழுவது பச்சைக் குழந்தைக்கு இயல்பு, பயப்பட வேண்டாம். இருபது நொடி தாண்டினாலோ, நிறுத்தம் குறுகியதாயினும் நிறம் மாறினாலோ அது இயல்பல்ல. நிறத்தைப் பார்க்க வேண்டிய இடம் முகத்தோலல்ல. நம் குழந்தைகளின் மாநிறத் தோலிலும் இரவு விளக்கின் மஞ்சள் ஒளியிலும் அது ஏமாற்றும். கைகால் நுனி நீலமாக இருப்பதும் முதல் நாளில் சாதாரணம். நாக்கையும் ஈறையும் பாருங்கள். அவை சிவந்திருந்தால் சரி. சாம்பலாகவோ நீலமாகவோ இருந்தால் சரியில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது, மூக்கு விரிவது, விலா எலும்புக்கிடையே உள்ளே இழுப்பது ஆகியவை சிரமத்தின் அடையாளம். கையைத் தூக்கி விட்டால் துணி போல விழுவதும் அப்படியே. உறங்கும் குழந்தையின் கையை விட்டால் அது கொஞ்சமேனும் மடங்கித் திரும்பும்.

மூச்சில்லை என்று தோன்றினால் உதவிக்குக் குரல் கொடுத்துக்கொண்டே குழந்தையை மார்பிலிருந்து எடுத்துத் தட்டையான இடத்தில் மல்லாக்கக் கிடத்துங்கள். கழுத்தை நேராக்கி முகவாயைச் சற்று மேலே தூக்குங்கள். பல குழந்தைகளுக்கு இது ஒன்றே போதும். முதுகையும் உள்ளங்காலையும் தேய்த்துப் பாருங்கள். பத்து நொடிக்குள் மூச்சு வராவிட்டால், குழந்தையின் மூக்கையும் வாயையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, கன்னத்தில் இருக்கும் காற்றளவு மட்டும் ஊதுங்கள். மார்பு உயர்வது தெரிய வேண்டும், அதற்கு மேல் ஊதக்கூடாது. ஒருவர் மூச்சு கொடுக்கும்போது இன்னொருவர் மருத்துவமனையில் மணியை அடிக்க வேண்டும், வீட்டில் 108க்கு அழைக்க வேண்டும்.

மூச்சு திரும்பிய பின்னும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பதற்கு ஒரு தடை இருக்கிறது. பிராணவாயு இன்றி அடிபட்ட மூளையை மீட்க நம்மிடம் நல்ல மருந்து இன்னும் இல்லை. பிறப்பின்போது மூச்சுத்திணறிய குழந்தைகளின் உடலை மூன்று நாள் குளிர்வித்தால் மூளை காக்கப்படும் என்று பணக்கார நாடுகளில் கண்டார்கள். அதையே இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளில், சென்னை மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து, 408 குழந்தைகளிடம் சோதித்தார்கள். 2021இல் முடிவு வந்தது. குளிர்வித்தவர்களில் 42 சதவீதத்தினரும் குளிர்விக்காதவர்களில் 31 சதவீதத்தினரும் இறந்திருந்தார்கள். அங்கே எடுத்துக்கொண்டது பிறப்பின்போதே திணறிய குழந்தைகளை. மார்மேல் துவண்ட குழந்தைகளை அல்ல. ஆனாலும் மார்மேல் துவண்ட ஒரு குழந்தையின் சிகிச்சையை யோசிக்கும் மருத்துவர் முன் நிற்கும் நிலைமை இதுதான்.

மருத்துவர் முதலில் கேட்பது, குழந்தை எந்த நிலையில் இருந்தது என்பதைத்தான். சிலருக்கு இதயக் கோளாறு, ரத்தத்தில் கிருமி, சர்க்கரை குறைவு, வளர்சிதை மாற்றக் குறைபாடு என உள்ளே ஒரு காரணம் இருக்கும். அதற்கு வேறு சோதனைகள், வேறு சிகிச்சை. அதனால் வெட்கமோ பயமோ இல்லாமல் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும்: எத்தனை மணிக்குக் கடைசியாகக் குழந்தை பால் குடித்தது, யார் மார்பில் இருந்தது, அவர் விழித்திருந்தாரா, மூக்கு எங்கே இருந்தது, முகவாய் நெஞ்சில் முட்டியிருந்ததா, போர்வை எதுவரை இருந்தது, மூச்சு கொடுத்ததும் எத்தனை நொடியில் அழுதது.